பஃபரும் தண்ணீரும்: ஒரு லேப் சண்டை

கேள்வி: பஃபர் கரைசலில் தண்ணீர் சேர்த்தால் pH மாறுமா, மாறாதா? மாறாது என்று புத்தகத்தில் இருக்கிறது. மாறும் என்று தோழி அடித்துச் சொல்கிறாள். யார் சொல்வது சரி?

பதில்: எவ்வளவு தண்ணீர், எந்த பஃபர் என்று இரண்டு பேருமே சொல்லவில்லை என்று நினைக்கிறேன். சொல்லியிருந்தால் சண்டையே வந்திருக்காது.

நான் செய்முறை வகுப்பு எடுப்பவள். இந்தச் சண்டை எனக்குப் புதிதில்லை. பெரும்பாலும் "மேடம், நீங்களே சொல்லுங்க" என்று பாதியில் என்னிடம் வந்துவிடுவார்கள். ஒரே ஒரு ஜோடி மட்டும் கடைசிவரை விடாமல் மல்லுக்கட்டியது. அதைத்தான் எழுதுகிறேன். இளங்கோ, கயல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

pH மீட்டரைச் சரிபார்க்க 6.86 பாஸ்பேட் பொட்டலத்தைக் கரைத்து 250 மில்லி குடுவையில் குறிவரை நிரப்பச் சொல்லியிருந்தேன். இளங்கோ தண்ணீரைக் குறிக்கு மேலே விட்டுவிட்டான். அதிகம் போனால் மூன்று மில்லி இருக்கும்.

"கொட்டிட்டு வேற பொட்டலம் பிரி" என்றாள் கயல்.

"எதுக்கு? pH = pKa + log([A⁻]/[HA]). தண்ணி ஊத்தினா மேல இருக்கறதும் கீழ இருக்கறதும் ஒரே அளவுல குறையும். விகிதம் அப்படியேதான் இருக்கும்."

"தண்ணியோட pH 7. கலந்தா 7 பக்கம் இழுக்காதா?"

"அது என்ன, சூடும் குளிரும் கலக்கற மாதிரியா? தண்ணியில இருக்கற ஹைட்ரஜன் அயனி 10⁻⁷தான். பஃபர்ல அமிலமும் காரமும் 0.025 மோலார் வீதம் உட்கார்ந்திருக்கு. தண்ணி அதை எப்படி இழுக்கும்?"

இதுவரை இளங்கோ சொன்னதில் பிழை இல்லை. இரண்டு கரைசல்களின் pH எண்களைக் கூட்டிச் சராசரி எடுக்க முடியாது. உங்கள் தோழியின் காரணமும் இதுவே என்றால், விடை சரியாக இருந்தாலும் காரணம் தவறு. ஆனால் கயல் அத்தோடு விடவில்லை.

"சரி, நீ சொல்ற மாதிரி விகிதம் மாறாது. அசிட்டேட் பஃபரை எடுத்துக்கோ. அமிலம் 0.1, உப்பு 0.1, pH 4.76. பத்தாயிரம் மடங்கு தண்ணி ஊத்தறேன். இப்பவும் 4.76தானா?"

"ஆமா. விகிதம் ஒண்ணுதான்."

"pH 4.76ன்னா ஹைட்ரஜன் அயனி எவ்வளவு?"

"1.75 × 10⁻⁵."

"அமிலம் எவ்வளவு மிச்சம் இருக்கு?"

இளங்கோ வாயைத் திறந்து மூடினான். பத்தாயிரம் மடங்கு நீர்த்தால் அமிலம் 10⁻⁵ மோலார். அத்தனை அமிலமும் பிரிந்தால்கூட 1.75 × 10⁻⁵ ஹைட்ரஜன் அயனி வராது. இல்லாத அமிலத்திலிருந்து அயனி எப்படி வரும்? கயல் கேட்டது அதைத்தான், அதற்குச் சூத்திரத்தில் பதில் இல்லை. நாம் போட்ட அமிலமும் உப்பும் போட்டபடியே இருக்கின்றன, பிரிந்தது கணக்கில் வராத அளவு சொற்பம் என்று சூத்திரம் எடுத்துக்கொள்கிறது. கரைசல் நீர்க்க நீர்க்க அந்த எடுகோள் உடைகிறது.

அவனே பேப்பரை எடுத்து இருபடிச் சமன்பாடு போட்டான். ஆயிரம் மடங்கு நீர்த்தால் 4.87. பத்தாயிரம் மடங்கில் 5.27. லட்சம் மடங்கில் 6.04. அதற்கு மேல் போனால் தண்ணீரின் சொந்த அயனிகளும் கணக்கில் சேர்ந்து 7-ஐ நோக்கி நகரும். நூறு மடங்குக்கு இதே வழியில் போட்டால் 4.77தான் வருகிறது. "அப்ப நான் சொன்னதும் தப்பில்லையே!" என்றான். தப்பில்லை. லேபில் நாம் புழங்கும் செறிவில் விகிதக் கணக்கு நன்றாகவே வேலை செய்யும். (இந்த எண்கள் பேப்பர்க் கணக்கு. உண்மையில் இவ்வளவு நீர்த்த கரைசலைத் திறந்து வைத்தால் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடே pH-ஐக் கலைத்துவிடும். காற்றுபட்ட காய்ச்சி வடித்த தண்ணீரே 5.6 பக்கம் காட்டும்.)

இந்த இடத்தில் பெரும்பாலான பதில்கள் முடிந்துவிடும். "சாதாரணமாக மாறாது, அதீதமாக நீர்த்தால் மாறும்." தேர்வுக்கு அது போதும். எனக்குப் போதாது, ஏனென்றால் அடுத்து நடந்ததை இரண்டு பேருமே எதிர்பார்க்கவில்லை.

குறிவரை சரியாக நிரப்பிய இன்னொரு குடுவை மேசையில் இருந்தது. மீட்டரை அதில் வைத்து 6.86க்குச் சரிசெய்தேன். அதே கரைசலில் 50 மில்லி எடுத்து, 50 மில்லி காய்ச்சி வடித்த தண்ணீர் சேர்த்து, எலக்ட்ரோடை வைக்கச் சொன்னேன். இரண்டு மடங்குதான் நீர்ப்பு. இளங்கோவின் விகிதக் கணக்குப்படி அசையவே கூடாது. இருபடிச் சமன்பாடும் அசையாது என்றுதான் சொல்லும். மீட்டர் 6.94க்கும் 6.95க்கும் நடுவில் நின்றது.

"மீட்டர் சரியில்ல மேடம்" என்றான் இளங்கோ.

"தண்ணி 7 பக்கம் இழுக்குது, பார்த்தியா!" என்றாள் கயல்.

இரண்டுமே தவறு. மீட்டர் சரியாகத்தான் காட்டியது. தரக் கரைசல்களுக்கு இதை முன்பே அளந்து அட்டவணை போட்டிருக்கிறார்கள். சம அளவு தண்ணீர் சேர்த்தால் இந்த பாஸ்பேட் 0.08 ஏறும், 4.01 தாலேட் 0.05 ஏறும், 9.18 போராக்ஸ் 0.01 ஏறும். கடைசியைக் கவனியுங்கள். 7 இழுக்கிறது என்றால் 9.18 இறங்கியிருக்க வேண்டும்.

காரணம் அயனிகளின் மின்சுமையில் இருக்கிறது. மீட்டர் அளப்பதும் சமநிலை பொருட்படுத்துவதும் அயனிகளின் எண்ணிக்கையை அல்ல, அவற்றின் ஆக்டிவிட்டியை. அதாவது எத்தனை அயனி தடையின்றி வேலை செய்வதுபோல் நடந்துகொள்கிறது என்பதை. கரைசலில் ஒவ்வொரு எதிர் அயனியைச் சுற்றியும் நேர் அயனிகள் கொஞ்சம் கூடுதலாகச் சூழ்ந்திருக்கும். அந்தச் சூழல் அதன் வீரியத்தைக் குறைக்கும். எவ்வளவு குறைக்கும் என்பது சுமையின் வர்க்கத்தைப் பொறுத்தது. பாஸ்பேட்டில் அமிலப் பக்கம் H₂PO₄⁻, சுமை ஒன்று. காரப் பக்கம் HPO₄²⁻, சுமை இரண்டு. ஆக, காரப் பக்கம் ஏறத்தாழ நான்கு மடங்கு அழுத்தப்படுகிறது. தண்ணீர் ஊற்றினால் கூட்டம் கலைகிறது. இரண்டும் விடுபடுகின்றன, HPO₄²⁻ அதிகமாக விடுபடுகிறது. எண்ணிக்கையில் விகிதம் மாறவில்லை, வீரியத்தில் மாறிவிட்டது. pH ஏறுகிறது.

அப்படியென்றால் குறிக்கு மேலே போன மூன்று மில்லி? நானே போட்டுப் பார்த்தேன். மாற்றம் ஆயிரத்தில் ஒன்றிரண்டு. இரண்டு தசம இடம் காட்டும் மீட்டரில் தெரியவே தெரியாது. "கொட்ட வேண்டியதில்லை, ஆனால் மேலே 6.86 என்று ஒட்டிவைத்துத் தரக் கரைசலாக அடுத்த வகுப்புக்குக் கொடுக்காதே" என்றேன். அதில் இரண்டு பேருக்குமே திருப்தி இல்லை.

"0.08 எல்லாம் ஒரு மாற்றமா?" என்று கமெண்டில் கேட்கப் போகிறவர்களுக்கு: பாஸ்பேட் பஃபரில் உப்பு சேர்த்த பிபிஎஸ் கரைசலைப் பத்து மடங்கு செறிவாக யாராவது 7.4க்குச் சரிசெய்து வைத்திருந்தால் கேட்டுப் பாருங்கள். அந்தச் செறிவில் அது சுமார் 6.8 காட்ட வேண்டும், அப்போதுதான் பத்து மடங்கு நீர்த்ததும் 7.4க்கு வரும். செறிவாக இருக்கும்போதே 7.4 ஆக்கினால், நீர்த்த பிறகு அது 7.4ஐத் தாண்டிப் போய்விடும். செல் வளர்ப்பவர்களுக்கு அது விளையாட்டு இல்லை.

இன்னொன்றையும் அந்த இருவர் விட்டுவிட்டார்கள். தண்ணீர் pH-ஐப் பெரிதாக மாற்றாவிட்டாலும் பஃபரின் தாங்கும் திறனைக் குறைத்துவிடும். அசிட்டேட்டையே எடுங்கள். 100 மில்லியில் 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 1 மில்லி விடுகிறோம். அமிலமும் உப்பும் தலா 0.1 மோலார் இருந்தால் pH 0.01 குறையும். தலா 0.01 என்றால் 0.09 குறையும். தலா 0.001 என்றால் இருந்த அசிட்டேட் முழுவதும் அந்த ஒரு மில்லியிலேயே தீர்ந்துபோய் pH சுமார் 3.75க்கு விழும். மூன்றும் தொடங்கும்போது மீட்டரில் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் காட்டியிருக்கும். "pH மாறவில்லை, ஆக பஃபர் நன்றாக இருக்கிறது" என்று நினைப்பவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

சம்பந்தமில்லாமல் ஒன்று, சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. அளந்து முடித்ததும் எலக்ட்ரோடைக் காய்ச்சி வடித்த தண்ணீரில் போட்டு வைக்காதீர்கள். 3 மோலார் பொட்டாசியம் குளோரைடில் வையுங்கள். தண்ணீரில் ஊறினால் உள்ளே இருக்கும் உப்பு கசிந்து வெளியேறி, மறுநாள் எண் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். அந்த ஓட்டத்தைப் பார்த்துத்தான் பாதிப்பேர் "pH மாறுகிறது" என்கிறார்கள். எத்தனை வருடமாகச் சொல்கிறேன்! மூடியில் எழுதி ஒட்டியும் இருக்கிறேன். யாரும் படிப்பதில்லை.

ட்ரிஸ் பஃபர் வைத்திருப்பவர்கள் மேலே சொன்னதைத் திருப்பிப் படிக்க வேண்டும். அதில் சுமையுள்ளது அமிலப் பக்கம்தான், காரப் பக்கத்துக்குச் சுமை இல்லை. தண்ணீர் ஊற்றினால் அமிலப் பக்கம்தான் விடுபடும், pH இறங்கும். பத்து மடங்கு நீர்ப்புக்கு 0.1 அளவில் இறங்கலாம். ஆனால் ட்ரிஸ்ஸின் pH ஒரு டிகிரி சூட்டுக்கே சுமார் 0.03 இறங்குகிறது, குளிர்ந்தால் அதே அளவு ஏறுகிறது. ஃப்ரிட்ஜில் இருந்து எடுத்த தண்ணீரை ஊற்றிவிட்டு "நீர்த்ததால் ஏறிவிட்டது" என்று என்னிடம் வராதீர்கள். முதலில் வெப்பமானியைப் போட்டுப் பாருங்கள்.