கூப்பன் கொடுத்தால் தட்டு: சாப்பாட்டு டோக்கன் கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, எங்க கல்லூரி முன்னாள் மாணவர் சந்திப்புக்கு 1200 பேர் வராங்க. க்யூஆர் கோடு வாட்ஸ்அப்பில் அனுப்பிட்டா யாரும் ரெண்டு தடவை வாங்க முடியாதுதானே?

பதில்: ஸ்கிரீன்ஷாட் எடுத்து நண்பனுக்கு அனுப்பினால் அவனும் வரிசையில் நிற்பான், தம்பி. ஒரு கோடு செலவானது எல்லா கவுன்டருக்கும் உடனே தெரிந்தால்தான் இது வேலை செய்யும், ஆனால் அத்தனை போன் கூடுகிற இடத்தில் நெட் பெரும்பாலும் படுத்துவிடும், அப்போது முதல் கவுன்டரில் சாப்பிட்ட 217-ஆம் எண்ணுக்கு மூன்றாவது கவுன்டரும் பச்சை காட்டும்.

அதனால் எண்களையே பிரித்துவிடுங்கள். 1 முதல் 300 வரை முதல் கவுன்டர், 301 முதல் 600 வரை இரண்டாவது, இப்படி நான்கு. கவுன்டர் எண்ணைக் கூப்பனில் பெரிதாகப் போடுங்கள். 217 எங்கே சுற்றினாலும் முதல் கவுன்டருக்குத்தான் வந்தாக வேண்டும், அங்கே அச்சடித்த பட்டியலில் பேனாவால் அடித்தாலே போதும், நெட்டே வேண்டாம். ஆளுக்கு ஆறு நொடி என்றாலும் 300 பேர் அரை மணியில் முடியும். கோடுக்குள் வெறும் எண்ணை வைக்காதீர்கள், அதை யார் வேண்டுமானாலும் உருவாக்கலாம். எண்ணுக்குப் பின்னால் நாலு எழுத்து தாறுமாறாகச் சேர்த்து, பட்டியலிலும் அதையே வையுங்கள்.

கேள்வி: பேப்பர் டோக்கன்தான் சார் பெஸ்ட். நம்பர் போட்டு சீல் குத்திட்டா ஒருத்தனும் ஏமாத்த முடியாது.

பதில்: பாதி சரி. சீல் கள்ள டோக்கனைத் தடுக்கும், வாங்கிய டோக்கன் மறுபடி வெளியே போவதைத் தடுக்காது. மேசையில் குவித்து வைத்தால் தன்னார்வலரே நாலை எடுத்துத் தன் ஆட்களுக்குக் கொடுப்பார். வாங்கியதும் பாதியாகக் கிழித்து, எண் உள்ள பாதியைப் பூட்டிய பெட்டியில் போட வேண்டும்.

அப்புறம், பரிமாறும் இடத்தில் டோக்கன் கேட்காதீர்கள். தட்டு அடுக்கி வைத்திருக்கும் இடத்தில் கேளுங்கள். கூப்பன் உள்ளே, தட்டு வெளியே, அதோடு சரி. கையில் தட்டு இருப்பவர் எத்தனை தடவை சாம்பார் கேட்டாலும் ஊற்றலாம், சண்டை வராது. கடைசியில் போன தட்டையும் பெட்டியில் உள்ள துண்டையும் எண்ணிப் பாருங்கள். தட்டு நிறைய கூடியிருந்தால் கூப்பன் இல்லாமல் யாரோ விட்டிருக்கிறார்கள். ஒரே எண் இரண்டு தடவை இருந்தால் ஜெராக்ஸ்.

கேள்வி: எங்க ஊர் கோயில் அன்னதானத்துல டோக்கனே கிடையாது. மறுபடி வந்தாலும் போடுவோம். சாப்பாட்டுக்கு இவ்வளவு காவலா?

பதில்: அங்கே வேண்டாம். இங்கே கேட்டரிங்காரர் தலைக்கு இவ்வளவு என்று பில் போடுகிறார், 1200-க்குத்தான் சமைத்திருக்கிறார்.

கேள்வி: கூப்பன் தொலைஞ்சுடுச்சுன்னு ஒருத்தர் வந்தா?

பதில்: பதிவேட்டில் பெயரைப் பார்த்து, அந்த எண்ணுக்குரிய கவுன்டருக்கு ஒரு போன் போட்டு எண்ணை அடிக்கச் சொல்லுங்கள், தனி வரிசை எண் உள்ள புத்தகத்திலிருந்து புதுசு கொடுங்கள். அந்த எண்ணில் ஏற்கெனவே யாரோ சாப்பிட்டிருந்தால்? நான் கொடுத்துவிடுவேன். என்னோடு வேலை பார்க்கிறவர் ஒத்துக்கொள்ள மாட்டார், ஒருவருக்குக் கொடுத்தால் பின்னாடியே பத்துப் பேர் தொலைத்துவிட்டு வருவார்கள் என்பார்.