முல்லை பூத்ததும் சித்திரை விடுப்பும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

முல்லைத் திணையில் ஒரு கவிதை எழுதியிருக்கிறேன். கணவன் வளைகுடாவில் வேலை பார்க்கிறான். மனைவி ஊரில் காத்திருக்கிறாள்.

நீ இருப்பது பாலை.
முற்றத்து முல்லை இன்று பூத்தது.
பூத்தது என்று எழுதி அழித்தேன்.
உன் விடுப்போ சித்திரையில்.

முல்லைக்குரிய காலம் கார். தலைவன் திரும்புவதும் அப்போதுதான். எனவே சித்திரை பிழை என்கிறார் என் தமிழாசிரியர். ஆவணி என்று மாற்றிவிடட்டுமா?

அன்புடன்,
ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

மாற்றாதீர்கள். கவிதையின் உயிரே அந்தச் சித்திரையில்தான் இருக்கிறது.

வேனிலில் பொருள்தேடப் போன தலைவன் கார் தொடங்கும்போது வந்துவிடுவதாகச் சொல்லிப் போவான். மழையும் பூவும் அவன் கொடுத்த வாக்குக்குச் சாட்சிகள். குறுந்தொகை 21ஆம் பாட்டில் கொன்றை பூத்துவிடுகிறது, அவன் வரவில்லை. கானமே கார் என்று சொன்னாலும் நான் நம்பமாட்டேன், ‘அவர் பொய் வழங்கலரே’ என்கிறாள் தலைவி. அவன் சொல்லைக் காப்பாற்றுவதற்காகக் காட்டையே பொய்யாக்கிவிடுகிறாள். என்ன ஒரு பிடிவாதம்!

உங்கள் தலைவிக்கு அந்த வழியும் இல்லை. நாள் குறித்தவன் கணவன் அல்லன், கம்பெனி. ஒப்பந்தத் தாளுக்குக் காரும் தெரியாது, கொன்றையும் தெரியாது. பழைய மரபில் பிரிவுக்கு உரிய வேனில், இவளுக்குக் கணவன் வரும் காலமாகிவிட்டது. கூடலுக்கு உரிய கார் வெறுமனே பூத்துப் போகிறது. இந்தத் தலைகீழ் மாற்றத்தை மாதத்தின் பெயர் ஒன்றை வைத்தே சொல்லிவிட்டீர்கள். ஆவணி என்று திருத்தினால் அது பழைய பாட்டின் நகலாகிவிடும். திணை மயங்குவதற்குத் தடையில்லை, நிலங்கள் ஒருங்கே மயங்குவதுதான் இல்லை என்று தொல்காப்பியமே இடம் கொடுக்கிறது. இதை உங்கள் ஆசிரியரிடமும் சொல்லுங்கள்.

நீக்க வேண்டியது முதல் வரியைத்தான். பாலைவனம் வேறு, பாலைத் திணை வேறு. பாலை என்பது தலைவன் கடந்துபோகும் வறண்ட வழி. முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் திரிந்த நிலம். உங்கள் தலைவனுக்கு அப்படி ஒரு வழியே இல்லை. விமானம் சில மணி நேரத்தில் இறக்கிவிடுகிறது. அவனைத் தடுத்து வைத்திருப்பது மணல் அல்ல, விடுப்பு. அதைக் கடைசி வரி சொல்லிவிடுகிறது.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. மூன்றாம் வரி எனக்கு மிகவும் பிடித்தது. சங்கத் தலைவி நினைத்தாலும் அவனுக்கு உடனே சேதி சொல்ல முடியாது. இவளால் ஒரு நொடியில் சொல்ல முடியும். சொன்னால் வரமுடியாதவன் வருந்துவான் என்று அழிக்கிறாள். முல்லையின் உரிப்பொருளான இருத்தல் முழுவதும் அந்த அழித்தலில் வந்துவிட்டது. ஆனால் அடுத்த வரியில் ‘உன் விடுப்போ’ என்று அவனிடமே பேசுகிறாள். எதை மறைத்தாளோ அதை அவனிடமே சொன்னதாகிவிடுகிறது. இந்த இடத்துக்கென்றே மரபில் தோழி இருக்கிறாள். இரண்டாம் வரியின் முடிவில் ‘தோழி’ என்று ஒரு விளியைச் சேருங்கள். ‘உன்’ என்பதை ‘அவர்’ ஆக்குங்கள். வேறு எதையும் தொடவேண்டாம்.