சிங்களத்தில் வந்த மெயில் மிரட்டலா, வெறும் கடித மொழியா?

கேள்வி: கொழும்புக் கம்பனி ஒன்றிலிருந்து சிங்களத்தில் மெயில் வந்திருக்கிறது. கூகிளில் போட்டுப் பார்த்தால் ஏதோ நடவடிக்கை எடு என்று மிரட்டுவது போல இருக்கு. எனக்குச் சிங்களம் கடையில் சாமான் வாங்கும் அளவுக்குத்தான். கோபமாக எழுதியிருக்கிறார்களா? எப்படிப் பதில் போடுவது?

முதலில் கை வைக்காமல் ஒரு தேத்தண்ணி குடியுங்கள். நான் குடிக்காமல் பதில் போட்டுச் செமையாக மூக்குடைபட்டவன், அதனால்தான் சொல்கிறேன்.

உப்புவெளியில் ஒரு சின்ன விருந்தினர் விடுதியில் கணக்கு, மெயில் எல்லாம் நான்தான். எங்கள் பக்கம் சீசன் மே தொடங்கி செப்டம்பர் வரைக்கும், அந்த நேரத்தில் ஏசி ஒன்று நின்றாலே அறை காலி. உதிரிப்பாகம் கொழும்பில் ஒரு கம்பனியிடம் கடனுக்கு எடுப்போம். ஒருநாள் காலையில் அங்கிருந்து சிங்களத்தில் மெயில். நீங்கள் செய்த மாதிரியே மொழிபெயர்ப்பில் போட்டேன். "பணத்தைச் செலுத்தி நடவடிக்கை எடுக்கவும், பொருட்கள் நிறுத்தப்படும்" என்று வந்தது. தமிழில் "நடவடிக்கை" என்றால் பொலிஸும் நீதிமன்றமும்தானே ஞாபகம் வரும்? இத்தனை வருட வாடிக்கையாளருக்கு இப்படியா என்று சுருக்கென்றது, ஆங்கிலத்தில் நாலு வரி சூடாகப் போட்டு அனுப்பிவிட்டேன். பத்து நிமிடத்தில் தொலைபேசி. அங்கே கணக்குப் பார்க்கிற பெண், கொச்சைத் தமிழில், "அனே, அது எல்லாருக்கும் போற கடிதம்தானே, ஏன் கோவம்?" என்று கேட்டபோது எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

பிறகு அந்த மெயிலைச் சிங்களம் தெரிந்த நண்பர் ஒருவரோடு இருந்து சொல் சொல்லாகப் பிரித்தேன். முக்கியமான வரி இதுதான், தமிழ் எழுத்தில் தருகிறேன்: "ஹிங்க முதல மெம மஸ 25 தினட பெர கெவா, ரிஸிட்பத அப வெத எவீமட கடயுது கரன மென் காருணிகவ தன்வா ஸிடிமி."

சிங்களத்தில் சொற்கள் வருகிற வரிசை அநேகமாகத் தமிழின் வரிசைதான், வினை கடைசியில் வரும். அதனால் ஒவ்வொரு சொல்லுக்குக் கீழும் தமிழ்ச் சொல்லை அப்படியே எழுதிக்கொண்டு போனாலே வாக்கியம் நின்றுவிடும், ஆங்கிலத்துக்கு இது நடக்காது. செய்து பாருங்கள்: நிலுவைப் பணத்தை, இந்த மாதம், 25ஆம் திகதிக்கு முன், செலுத்தி, ரிசீட்டை, எங்களுக்கு, அனுப்புவதற்கு, ஆவன செய்யும்படி, தயவாக, அறியத்தருகிறேன். "கடயுது கரன" என்பதைத்தான் மொழிபெயர்ப்பு "நடவடிக்கை" ஆக்கிவிட்டது. அது நம்முடைய கச்சேரிக் கடிதத்தில் வருகிற "ஆவன செய்யுங்கள்"தான், வேறொன்றுமில்லை. "காருணிகவ" என்ற தயவுச் சொல்லை அது மொத்தமாக விழுங்கிவிட்டது. நான் கோபப்பட்டது இல்லாத ஒரு சொல்லுக்கு, கவனிக்காமல் விட்டது இருந்த சொல்லை.

அடுத்த வரி: "ப்ரமாதயக் வுவஹொத் பாண்ட நிகுத் கிரீம தாவகாலிகவ நவத்வா தெபீமட ஸிதுவன பவ கனகாட்டுவென் தன்வா ஸிடிமி." இதில் "ப்ரமாத" என்று பார்த்ததும் நமக்குப் பிரமாதம், அருமை என்று படும். சிங்களத்தில் அது தாமதம். கடையில் சாமான் வாங்கும் சிங்களம் உள்ளவர்கள் இப்படிப்பட்ட சொந்தக்காரச் சொற்களில்தான் விழுவார்கள், தெரியாத சொல்லிடம் எச்சரிக்கையாக இருப்போம், தெரிந்த மாதிரி இருக்கிற சொல்லிடம் இருக்க மாட்டோம். "ஸிதுவன" என்றால் "நேரிடும்". "நிறுத்துவோம்" என்று அவர்கள் எழுதவில்லை, "நிறுத்தி வைக்க நேரிடும்" என்றுதான் எழுதியிருக்கிறார்கள், பக்கத்திலேயே "தாவகாலிகவ", தற்காலிகமாக என்று போட்டு, அதற்கும் "கனகாட்டுவென்", வருத்தத்துடன் என்று சேர்த்து. ஆக இது ஒரு நினைவூட்டல், அதுவும் முதலாவது.

அப்போ உண்மையிலேயே கோபம் என்றால் எப்படித் தெரியும்? எழுத்துச் சிங்களம் வேறு, பேச்சுச் சிங்களம் வேறு, நம் தமிழ் மாதிரியே. "தன்வா ஸிடிமி", "மஹத்மயாணெனி", கடைசியில் "மெயட, விஸ்வாஸி" எல்லாம் எழுத்துச் சிங்களத்தின் சட்டை. சட்டை விறைப்பாக இருப்பதால் ஆள் விறைப்பு என்று அர்த்தமில்லை. நம்மூரில் "மேற்படி விடயம் தொடர்பாகத் தங்களுக்கு அறியத்தருவது யாதெனில்" என்று எழுதுகிறவர் நேரில் கண்டால் வெற்றிலை தருவார். எனவே விறைப்பை விட்டுவிட்டு வேறு சொற்களைத் தேடுங்கள். "அவசன் தெனும்தீம" என்று தலைப்பு இருந்தால் அது இறுதி அறிவித்தல். "நீதிமய க்ரியாமார்க" என்றால் சட்ட நடவடிக்கை, நீங்கள் பயந்த நடவடிக்கை இதுதான். "நெவத வரக்" என்றால் மீண்டும் ஒருமுறை, அதாவது முன்பே ஒன்று அனுப்பியிருக்கிறார்கள், நீங்கள்தான் பார்க்கவில்லை, பழைய மெயில்களைத் தேடுங்கள். "கடினமின்" என்றால் விரைவாக என்றுதான் பொருள், அதில் கடினம் எதுவும் இல்லை. "வஹாம", உடனடியாக, அதைவிட ஒரு படி அழுத்தம்.

முன்னிலைச் சொல்லையும் பாருங்கள். "ஒப", "ஒபதுமா" என்றால் மரியாதை. "ஒயா" பழக்கமானவருக்கு, அதுவும் சினேகமாக. "தமுன்" என்று கண்டால் நிமிர்ந்து உட்காருங்கள், பேச்சில் அது எடுத்தெறிந்து பேசுகிற சொல், கம்பனி மெயிலில் நான் இதுவரை கண்டதில்லை. ஆனால் "தமன்" என்பது "தன்" என்ற சாதாரணச் சொல், ஒரு எழுத்தில் குழம்பிச் சண்டைக்குப் போகாதீர்கள். மொழிபெயர்ப்பில் இவை எல்லாம் பெரும்பாலும் ஒரே "நீங்கள்" ஆகிவிடும், அதனால் இந்தச் சொல்லை மூலத்தில்தான் தேட வேண்டும். எழுத்துத் தெரியாவிட்டாலும் உச்சரிப்பைக் கேட்கலாம், கூகிளில் ஒலிபெருக்கிப் படத்தைத் தட்டினால் வாசித்துக் காட்டும், காதால் பிடித்துவிடுவீர்கள்.

இன்னொன்று, உங்களுக்கு வந்தது மெயிலில் இணைத்த பிடிஎஃப் என்றால் அதை நகலெடுத்து ஒட்டும்போது கன்னாபின்னா என்று ஆங்கில எழுத்துகள் வரலாம். ஆவணத்தில் கோளாறில்லை, எஃப்.எம். அபய போன்ற பழைய எழுத்துருவில் அடித்திருப்பார்கள், அது யூனிகோட் இல்லை. திரையைப் படம் பிடித்து கூகிள் லென்ஸில் காட்டுங்கள், வரும்.

சரி, பதில். நீண்ட பதிலை மொழிபெயர்ப்பில் போட்டுச் சிங்களமாக்கி அனுப்பாதீர்கள். "சற்றுப் பொறுங்கள், பணம் வருகிறது" என்று நான் ஒருமுறை போட்டேன், அது "இவஸன்ன" என்று வந்தது. கடன் வாங்கியவன் கடன் கொடுத்தவனைப் பார்த்துப் பொறுமையாக இரு என்று புத்தி சொல்வதுபோல இருக்கும் என்று நண்பர் சொன்னார், நல்லவேளை அனுப்பவில்லை. திருப்பித் தமிழாக்கிப் பார்த்தால் பிழை தெரியும்தானே என்பீர்கள். எண்ணும் திகதியும் மாறியிருந்தால் தெரியும், தொனி தெரியாது, அது மறுபடி "பொறுங்கள்" என்றுதான் வந்து நிற்கும்.

நான் இப்போது செய்வது: சிங்களத்தில் மூன்று சின்ன வரி, மீதி ஆங்கிலத்தில். எழுதுபவர் ஆணா பெண்ணா தெரியாவிட்டால் "மஹத்மயாணெனி / மஹத்மியனி" என்று இரண்டையும் போடுங்கள், அவர்களும் அப்படித்தான் போடுவார்கள். அப்புறம் "ஒபகே ஈமெயில் எக லெபுணா, ஸ்தூதியி", உங்கள் மெயில் கிடைத்தது, நன்றி. "ப்ரமாதய கென ஸமாவென்ன", தாமதத்துக்கு மன்னிக்கவும். "மட ஸிங்ஹல டிகக் விதரய் புளுவன்", எனக்குச் சிங்களம் கொஞ்சம்தான் தெரியும். இந்தக் கடைசி வரிதான் பெரிய வேலை செய்யும், அடுத்த மெயில் தானாகவே எளிய சிங்களத்தில் வரும், அல்லது ஆங்கிலத்தில் வரும். பணம், திகதி, பில் இலக்கம் மூன்றையும் தனித்தனி வரியில் எண்ணாகவே எழுதுங்கள், எண்ணில் தொனிப் பிரச்சினை இல்லை.

கட்டுவதாக வாக்குக் கொடுக்க வேண்டுமென்றால் "கெவன்னம்" என்று முடியும் வடிவம் நல்லது, "நான் கட்டிவிடுகிறேன்" என்ற பொறுப்பு அதில் இருக்கும். ஆனால் திகதி நிச்சயம் என்றால் மட்டும் போடுங்கள்.

உங்கள் மெயில் கம்பனியிலிருந்து இல்லாமல் அரச அலுவலகத்திலிருந்து வந்ததென்றால் இவ்வளவு பாடு தேவையில்லை, தமிழிலேயே பதில் எழுதலாம், தமிழில் பதில் பெறவும் உரிமை உண்டு, அரசியலமைப்பின் 4ஆம் அத்தியாயத்தில் இருக்கிறது. தனியார் கம்பனிக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

என் கதை எப்படி முடிந்தது என்றால், பணம் நான் 18ஆம் திகதியே வங்கியில் போட்டிருந்தேன், பில் இலக்கம் எழுதாததால் அவர்களுக்கு யாருடையது என்று விளங்கவில்லை. அதைத்தான் அந்தப் பெண் ரிசீட் அனுப்பச் சொல்லிக் கேட்டிருந்தார், நான் வாசிக்காமல் கத்தியிருந்தேன். ரிசீட்டோடு மேலே சொன்ன மூன்று வரியும் போட்டு அனுப்பினேன். பதில் ஒரே வரி: "ஹரி மஹத்தயா, ப்ரஷ்னயக் நே." சரி ஐயா, பிரச்சினை இல்லை. "மஹத்மயாணெனி" போய்ப் பேச்சு வழக்கு "மஹத்தயா" வந்திருந்தது.