பலகை போயிற்று, சிவப்பு போகவில்லை

"களியக்காவிளை கடைத்தெரு, மழை இரவு. நகைக்கடையின் சிவப்பு நியான் பலகையைப் போட்டோஷாப்பில் அழித்தேன். ஆனாலும் ஏதோ ஒட்டவில்லை. பக்கத்து மெடிக்கல் ஷாப்பின் பச்சை வெளிச்சம் அப்படியே இருக்க வேண்டும்."

சிவப்பு சேனலை மட்டும் இறக்குங்கள். Hue/Saturation-இல் Master-ஐக் குறைக்க வேண்டாம்; அது பச்சையையும் சேர்த்து வெளிறடிக்கும்.

பலகையை எடுத்தீர்கள், அது வீசிய வெளிச்சத்தை எடுக்கவில்லை. சுவரிலும் ஈர ரோட்டிலும் அது இன்னும் கிடக்கிறது.

1. Curves அடுக்கு ஒன்று போட்டு, Red-இல் வலது மேல் முனையை நேராகக் கீழே இழுங்கள். சிவப்பு ஒரே விகிதத்தில் குறைவதால் சுவரின் சொரசொரப்பு அழியாது.

2. மாஸ்கில் வட்டமான கிரேடியன்ட் கொடுங்கள். மையம் பலகை இருந்த இடம். தூரம் போகப் போக வெளிச்சம் மங்குவது போலத் திருத்தமும் மங்க வேண்டும்.

3. ரோட்டில் தெரியும் பிரதிபலிப்பு வேறு விஷயம். பலகைக்கு நேர் கீழே நீளமாக விழுந்திருக்கும். அதைக் குளோன் செய்துதான் மறைக்க வேண்டும். பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

சரிபார்க்க, அதே சுவரில் பலகைக்கு அருகில் ஓரிடம், சிவப்பு எட்டாத தொலைவில் ஓரிடம், இரண்டையும் ஐடிராப்பரால் தொட்டு Info பேனலைப் பாருங்கள். பச்சையோடு ஒப்பிட்டால் சிவப்பின் விகிதம் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றாக வர வேண்டும். மெடிக்கல் ஷாப்பின் பச்சை விழாத சுவராக இருக்கட்டும்.

ஒன்று, பலகையை ஒட்டிய சுவரில் R 255-ஐத் தொட்டிருந்தால் அங்கே இந்த வழி பலிக்காது, தட்டையான திட்டுதான் மிஞ்சும். ரா கோப்பு இருந்தால் Highlights-ஐக் குறைத்துத் திரும்ப எடுங்கள். ஜேபெக் மட்டும்தான் என்றால் பக்கத்துச் சுவரிலிருந்து குளோன் செய்யுங்கள்.