வெட்டிய ஸ்கிரீன்ஷாட்டில் நம்பர் மிச்சம் இருக்குமா?

"ஸ்கிரீன்ஷாட்டில் கீழே இருந்த போன் நம்பரை கிராப் செய்துதான் அனுப்பினேன். அதை யாராவது திரும்ப எடுக்க முடியுமா?"

சில சமயம் முடியும். 2023 மார்ச்சில் வெளியே தெரிந்த CVE-2023-21036 என்ற பாதுகாப்புக் கோளாறு நல்ல உதாரணம். பிக்சல் போன்களின் மார்க்கப் எடிட்டர், வெட்டிய படத்தைப் பழைய ஃபைலின் மேலேயே எழுதியது. ஆனால் பழைய ஃபைலை முதலில் காலி செய்யவில்லை. 2 எம்பி படம் 500 கேபியாகச் சுருங்கினால், முதல் 500 கேபி மட்டுமே புதிது. மீதி பழையது அப்படியே வாலாகத் தொங்கும்.

பிஎன்ஜி படம் IEND என்ற குறியோடு முடிகிறது. படம் காட்டும் செயலி அதோடு நின்றுவிடுவதால் வால் கண்ணில் படாது. வாலின் தொடக்கம் அழிந்திருந்தாலும், நடுவிலிருந்து சுருக்கத்தைப் பிரித்துப் படத்தின் கீழ்ப்பகுதியை மீட்கலாம். உங்கள் நம்பர் இருந்ததும் அங்கேதான். மேலே இருந்திருந்தால் பெரும்பாலும் தப்பியிருக்கும்.

சந்தேகமென்றால், படத்தில் IEND எத்தனை முறை வருகிறது என்று டெர்மினலில் எண்ணிப் பாருங்கள்:

```
grep -a -o IEND padam.png | wc -l
```

1 வந்தால் சரி; 2 வந்தால் வால் இருக்க வாய்ப்பு அதிகம். கோளாறைச் சரிசெய்யும் அப்டேட் போட்டாலும் ஏற்கெனவே அனுப்பிய படங்கள் மாறாது. அப்புறம், விண்டோஸ் 11-இன் ஸ்னிப்பிங் டூலிலும் இதே கோளாறு இருந்தது.