மண்சுவர் வீடுகளுக்கு ஒரு பிரார்த்தனை

கேள்வி: வெள்ளத்தில் வீடு இழந்தவர்களுக்காக எங்கள் ஊர்க் கூட்டத்தில் ஒரு பிரார்த்தனை வாசிக்கச் சொல்லியிருக்கிறார்கள். எல்லா மதத்தினரும் வருவார்கள். என்ன எழுதுவது?

2023 டிசம்பரில் எனக்கும் இதே வேலை வந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டிய அந்த வெள்ளம்தான். எங்கள் ஊர் தாமிரபரணிக் கரையில் இருக்கிறது. தண்ணீர் நின்றபோது தாங்கிய மண்சுவர்கள், வடிந்த பிறகுதான் ஊறிப்போய் ஒவ்வொன்றாக உட்கார்ந்தன.

முதலில் எழுதியதில் "உயிரைக் காத்த இறைவனுக்கு நன்றி" என்று ஆரம்பித்திருந்தேன். வீடு இடிந்த ஒரு ஆச்சியிடம் வாசித்துக் காட்டினேன். "உசுரு இருக்குன்னு எனக்குத் தெரியும்லா. வீடு போச்சேன்னு ஒருத்தரும் சொல்ல மாட்டேங்காங்களே" என்றார். அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன். 'சோதனை', 'இழந்தது இரட்டிப்பாய்க் கிடைக்கும்' போன்ற வரிகளும் அதோடு போயின. கடைசியில் வாசித்தது இது:

"இறைவா, எங்கள் தெருவில் வீடுகள் விழுந்துவிட்டன. அடுப்பும், ஆடும், பிள்ளைகளின் சான்றிதழ்களும் தண்ணீரோடு போயின. இது ஏன் நடந்தது என்று எங்களுக்குத் தெரியாது. தெரிந்ததுபோல் பேசாமல் எங்களைக் காத்தருளும். வீடு இழந்தவர்கள் எங்களோடு இங்கே உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களோடு தாலுகா ஆபீசுக்குப் போகிறோம். பொங்கல் வரை மண்டபத்தில் அடுப்பு எரியும். விழுந்த சுவரை எடுத்துக்கட்ட ஞாயிறுதோறும் வருகிறோம். சொன்னதை மறக்காத மனதை எங்களுக்குத் தாரும்."

நடுவில் மூன்று இடத்தில் நிறுத்தி, "நாங்கள் உடனிருக்கிறோம்" என்று கூட்டம் சொல்லும்படி வைத்தோம். மாதா கோயில் மன்றாட்டில் பார்த்துப் பழகிய முறைதான், எல்லோருக்கும் சுலபமாக வந்தது. 'இறைவா' என்ற விளி யாருக்கும் உறுத்தவில்லை. முடிவில் ஆமென், ஆமீன், ஓம் எதுவும் வேண்டாமென்று ஒரு நிமிடம் மௌனமாக இருந்தோம்.

வாக்குறுதி வரிகளில் மட்டும் கவனமாக இருங்கள். மண்டபத்துக்காரர், சமையல்காரர், கொத்தனார் மூவரிடமும் முந்தின இரவே கேட்டு, சரி என்றதை மட்டும்தான் எழுதினேன். குடும்பங்களின் பெயரை வாசிக்க நினைத்தால் அவர்களிடம் முதலில் கேளுங்கள். எங்கள் ஊரில் இரண்டு வீட்டார் வேண்டாம் என்றார்கள், அதனால் எல்லாப் பெயரையுமே விட்டுவிட்டேன். அப்புறம், முதல்முறை கூட்டத்தில் வாசிக்கும்போது தொண்டை அடைக்கும். தாளின் ஒரு பிரதியைப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்து வையுங்கள், அவர் தொடர்ந்து வாசிப்பார்.

அந்த ஆச்சியும் ஒரு பிரதி வாங்கிக்கொண்டார். அடுத்த திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு அதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு என் வீட்டு வாசலில் நின்றார், தாலுகா ஆபீசுக்குப் போக.