ஓடிய மணி நேரத்தைச் சமன் செய்யும் பம்ப் பேனலுக்குக் கூடுதல் பணம் தரலாமா?

கேள்வி: எங்கள் குடியிருப்பில் கீழ்த்தொட்டியிலிருந்து மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற ஒரே திறனில் இரண்டு பம்ப் இருக்கின்றன. ஒன்று ஓடும், மற்றது ஸ்டாண்ட்பை. காலையில் சுமார் 3 மணி நேரம், மாலையில் 1 மணி நேரம் ஓட வேண்டியிருக்கும். இப்போது பேனலை மாற்றப் போகிறோம். ஒருவர் ஒவ்வொரு ஸ்டார்ட்டுக்கும் பம்ப் மாறும் பேனல் தருகிறேன் என்கிறார். இன்னொருவர் ஓடிய மணி நேரத்தைப் பார்த்துச் சமன் செய்யும் பி.எல்.சி. பேனலுக்குக் கூடுதல் விலை கேட்கிறார். முதல் பம்ப் 4,200 மணி நேரம் ஓடியிருக்கிறது. இரண்டாவது பம்பை மோட்டாரோடு சேர்த்து இப்போதுதான் புதிதாக மாற்றினோம். எதை வாங்கலாம்?

பதில்: இரண்டாவது பேனலை வாங்குங்கள். ஆனால் புரோகிராமில் ஒரு திருத்தத்தை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு ஆர்டர் கொடுங்கள். அது இல்லாவிட்டால், விலை குறைந்த பேனலை விட அதிகச் சிக்கலை விலை கூடிய பேனல்தான் உங்களுக்குக் கொடுக்கும்.

முதலில், ஸ்டார்ட்டுக்கு ஸ்டார்ட் மாறும் முறை உங்களுக்கு ஏன் போதாது என்று பார்ப்போம். நாளெல்லாம் பலமுறை சிறிது சிறிது நேரம் பம்ப் ஓடும் இடங்களில் இந்த முறையே தாராளமாகப் போதும். ஓட்டங்கள் ஏறக்குறைய ஒரே நீளம் என்பதால் மணிக்கணக்கு தானாகவே சமமாகிவிடும். உங்களுக்கோ நாளைக்கு இரண்டே ஓட்டம். காலையில் முதல் பம்ப், மாலையில் இரண்டாவது, மறுநாள் காலை மறுபடியும் முதல் பம்ப். முறை தவறாமல் மாறிக்கொண்டுதான் இருக்கும், ஆனால் நீண்ட ஓட்டம் எப்போதும் ஒரே பம்புக்குத்தான் விழும். ஒரு வருடத்தில் ஒன்று 1,095 மணி நேரம் ஓடியிருக்கும், மற்றது 365 மணி நேரம். ஸ்டார்ட் எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவருக்கு இது தெரியவே தெரியாது. பம்புக்கு ஒன்றாகப் பொருத்தப்பட்ட ஹவர் மீட்டரைப் பார்த்தால்தான் தெரியும்.

சரி, மணிக்கணக்கைப் பார்க்கும் பேனலுக்கு வருவோம். குறைவாக ஓடிய பம்பை அடுத்த முறை ஓட்டு என்பதுதான் அதன் விதி. உங்கள் பம்புகளில் ஒன்றின் கணக்கு 4,200, மற்றதன் கணக்கு பூஜ்யம். இந்த இரண்டு எண்களையும் அப்படியே போட்டுப் பேனலை ஓட விட்டால், புதிய பம்ப் 4,200 மணியை எட்டும்வரை பழையதற்கு முறையே வராது. நாளைக்கு 4 மணி நேரம் என்றால் 1,050 நாள், ஏறக்குறைய மூன்று வருடம்.

அத்தனை காலம் சும்மா நிற்கும் பம்பில் சீல் காய்ந்து ஒட்டிக்கொள்ளும். வார்ப்பிரும்புப் பம்பாக இருந்தால் உள்ளே துருப்பிடித்து இம்பெல்லர் இறுகிவிடவும் கூடும். ஒரு நாள் புதிய பம்ப் டிரிப் ஆகி, ஸ்டாண்ட்பைக்கு ஆணை போகும்போது, அது சுழலாமல் முனகிவிட்டு ஓவர்லோடில் விழும். இரண்டு பம்புக்குப் பணம் கொடுத்தும் அன்று தொட்டி காலிதான். திரையில் அதுவரை எந்த எச்சரிக்கையும் வந்திருக்காது, ஏனென்றால் புரோகிராம் தன் விதியைச் சரியாகவே செய்திருக்கிறது. இந்தப் பேனல்களில் நான் மிகவும் கவலைப்படும் கோளாறு இதுதான்.

அதனால் கேட்க வேண்டிய திருத்தம் இது: ஒவ்வொரு பம்புக்கும் இரண்டு தனிக் கணக்கு வேண்டும். ஒன்று, பம்பின் மொத்த ஆயுள் மணி. அது பராமரிப்புக்கு, பம்பை மாற்றினால் மட்டும் பூஜ்யமாகும். மற்றது, முறை மாற்றுவதற்கான ஒப்பீட்டு மணி. பம்பை மாற்றினாலோ, நீண்ட நாள் பழுதுக்கு அனுப்பித் திரும்பப் பொருத்தினாலோ, இரண்டு பம்பின் ஒப்பீட்டு மணியையும் ஒன்றாகவே பூஜ்யத்துக்குக் கொண்டுவர ஒரு பட்டன் இருக்க வேண்டும். உங்கள் பேனலை முதல் நாள் இயக்கும்போதே அதை அழுத்திவிடுங்கள். பழைய 4,200 ஆயுள் கணக்கில் பத்திரமாக இருக்கும், முறை மாற்றம் இன்றிலிருந்து சமமாகத் தொடங்கும்.

பேனல் செய்பவரிடம் காட்ட, புரோகிராமின் சாரம் ஏறக்குறைய இப்படி இருக்கலாம். `Hrs1`, `Hrs2` இரண்டும் ஒப்பீட்டு மணி, `Run1`, `Run2` அந்தந்தப் பம்ப் ஓடுகிறதா என்பது, `Lead` அடுத்து ஓட வேண்டிய பம்பின் எண், `StopEdge` ஓடிய பம்ப் நிற்கும் நொடியில் மட்டும் வரும் சிக்னல்:

```
IF NOT Run1 AND NOT Run2 THEN
  IF Hrs1 > Hrs2 + 5.0 THEN
    Lead := 2;
  ELSIF Hrs2 > Hrs1 + 5.0 THEN
    Lead := 1;
  ELSIF StopEdge THEN
    Lead := 3 - Lead;
  END_IF;
END_IF;
```

முதல் வரியைக் கவனியுங்கள். இரண்டு பம்பும் நின்றிருக்கும்போது மட்டுமே முறை மாறுகிறது. இது இல்லாத புரோகிராம், மணிக்கணக்கு ஒன்றை ஒன்று தாண்டும் நொடியில் ஓடிக்கொண்டிருக்கும் பம்பை நிறுத்தி மற்றதை எடுக்கும், கொஞ்ச நேரத்தில் திரும்பவும் மாறும். நேரடி ஸ்டார்ட்டரில் ஒவ்வொரு ஸ்டார்ட்டும் மோட்டாரின் வழக்கமான கரண்டைப் போல ஐந்தாறு மடங்கு இழுக்கும் என்பதால் அந்த வீண் மாற்றம் மோட்டாருக்கு நல்லதல்ல. அந்த 5 மணி வித்தியாசமும் இதே காரணத்துக்காகத்தான்.

உங்கள் ஓட்டத்தை இதில் போட்டுப் பார்ப்போம். முதல் நாள் முடிவில் வித்தியாசம் 2 மணி, இரண்டாம் நாள் முடிவில் 4. மூன்றாம் நாள் காலை ஓட்டம் முடிந்ததும் 7 ஆகிறது. அன்று மாலை இரண்டாவது பம்ப் ஓடியும் வித்தியாசம் 6 என்பதால், நாலாம் நாள் காலையிலும் அதுவே ஓடும். அங்கிருந்து நீண்ட ஓட்டம் அதன் பக்கம் போய்விடுகிறது. சில நாள் கழித்து இதேபோல மறுபடியும் முதல் பம்பின் பக்கம் வரும். இரண்டுக்கும் இடையே வித்தியாசம் ஒருபோதும் சில மணி நேரத்தைத் தாண்டாது, எந்தப் பம்பும் ஓரிரு நாளுக்கு மேல் சும்மா நிற்காது.

இரண்டும் ஒரே அளவு தேய்ந்தால் ஒரே சமயத்தில் போய்விடாதா என்று சிலர் கேட்பார்கள். ஒன்றுக்கு இரண்டு என்ற விகிதத்தில் வேண்டுமென்றே ஏற்றத்தாழ்வாக ஓட்டுபவர்களும் உண்டு. உங்களில் ஒன்று 4,200 மணி பழையது, மற்றது புதியது. அந்த இடைவெளி ஏற்கெனவே இருப்பதால் நீங்கள் அதற்கு மெனக்கெட வேண்டாம்.

மணிக்கணக்கு எங்கிருந்து வருகிறது என்பதையும் கேளுங்கள். பி.எல்.சி. கொடுக்கும் ஆணையிலிருந்து எண்ணினால், மோட்டாருக்கு மின்சாரத்தை இணைக்கும் கான்டாக்டர் ஒட்டாதபோதும் மணி ஏறும், கையால் சுவிட்ச் போட்டு ஓட்டியது கணக்கில் வராது. கான்டாக்டரின் துணைக் கான்டாக்டிலிருந்து எண்ணச் சொல்லுங்கள். அப்புறம், கரண்ட் போய் வந்தாலும் மணிக்கணக்கும் `Lead` எண்ணும் அழியாத நினைவகத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு மின்தடைக்குப் பிறகும் முதல் பம்பே தொடங்கும்.

பாக்கிப் பணத்தைக் கொடுப்பதற்கு முன் பேனலில் மூன்று சோதனை செய்யச் சொல்லிப் பாருங்கள். முதல் பம்ப் ஓடி நின்றதும் மெயினை அணைத்துப் போடுங்கள், அடுத்த ஸ்டார்ட் இரண்டாவது பம்புக்குப் போக வேண்டும். அது ஓடும்போது அதன் ஓவர்லோட் ரிலேயின் டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள், சில நொடியில் முதல் பம்ப் எடுத்துக்கொண்டு அலாரம் அடிக்க வேண்டும், ரீசெட் செய்யும்வரை அந்த அலாரம் தானாக மறையக் கூடாது. கடைசியாக இரண்டாவது பம்பின் ஒப்பீட்டு மணியை மட்டும் 10 கூட்டிப் போட்டுவிட்டு, ஃப்ளோட்டை ஏற்றி இறக்கி இரண்டு முறை ஓட விடுங்கள். இரண்டு முறையும் முதல் பம்பே ஓடினால் கணக்கு சரியாக வேலை செய்கிறது.